‘kolam’ என்று தட்டினால் மீன் குளம் வருகிறதா? வீடியோவுக்குப் பெயர் வைக்கும் முன் வரும் தொந்தரவுகளும் வழிகளும்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கோலம் போடுவதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார். கை சுத்தம், கேமரா ஆடாது, வெளிச்சமும் சரியாக விழும். மூன்றாவது வீடியோவுக்கு அவர் வைத்த பெயர் ‘அழகான கோலம் 3’. பத்து நாளில் அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அவருடைய சொந்தக்காரர்கள்.

“எல்லாரும் கோலம்னுதான தம்பி தேடுவாங்க?” என்றார். அது பாதிதான் சரி. எதைத் தேடுகிறார்கள், எந்த எழுத்தில் தேடுகிறார்கள் என்பதைத் தேடல் பெட்டியே காட்டிக்கொடுக்கும். ஆனால் பெட்டி காட்டுவதை அப்படியே நம்பினாலும் தவறான பெயரில்தான் போய் நிற்போம். அந்த வீடியோவுக்கு மறுபெயர் வைக்க உட்கார்ந்தபோது ஒவ்வொரு படியிலும் ஒரு சிக்கல் வந்தது. வந்த சிக்கல்களை அறிகுறி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

அந்த வீடியோவில் இருப்பது ஒரு சிக்குக் கோலம். நடுவரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் ஊடுபுள்ளியாக 4 வரை குறைந்து வரும். வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. இந்த விவரம் கீழே தேவைப்படும்.

அறிகுறி: `kolam` என்று தட்டினால் குளமும் குட்டையும் வருகின்றன

முதலில் அக்காவின் போனில் யூடியூப் தேடலில் `kolam` என்று தட்டினோம். `kolam ikan`, `kolam renang` என்று வரிசையாக வந்தது. அக்கா பயந்துபோனார். யாரோ தன் போனில் புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்.

காரணம் எளிது. மலாய், இந்தோனேசிய மொழிகளில் `kolam` என்றால் குளம். `kolam ikan` மீன் குளம், `kolam renang` நீச்சல் குளம். இந்தோனேசியாவில் வீட்டுக்குப் பின்னால் மீன் குளம் கட்டுவது எப்படி என்று தேடுபவர்கள் ஏராளம். ஆங்கில எழுத்தில் ஒற்றைச் சொல்லாக `kolam` என்று தட்டும்போது நாம் அவர்கள் வரிசையில் போய் நிற்கிறோம். எந்த நாட்டிலிருந்து தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். சென்னையில் இருப்பவருக்கு மீன் குளம் வராமலே போகலாம். நம் தீவிலிருந்து தேடினால் பெட்டிக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரிவதில்லை.

எந்தச் சொல் எங்கே, எப்போது அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸிலும் இதே குழப்பம் உண்டு. `kolam` என்று போட்டு, நாடு என்ற இடத்தில் `Worldwide` என்று விட்டால், பகுதி வாரிப் பட்டியலில் இந்தோனேசியா முன்னால் வந்து நிற்கும். கீழே வரும் தொடர்புடைய தேடல்களும் குளம் சம்பந்தப்பட்டவையாகவே இருக்கும். ‘ஆகா, கோலத்துக்கு இவ்வளவு பேரா’ என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

வழி இது. ஒற்றைச் சொல்லை விடுங்கள். குளத்துக்கு ஒட்டாத இன்னொரு சொல்லைப் பக்கத்தில் சேருங்கள். `pulli kolam`, `sikku kolam`, `kolam with dots` என்று தட்டினால் மீன்கள் உடனே ஓடிவிடும். தமிழ் எழுத்தில் கோலம் என்று தட்டினாலும் ஓடிவிடும். ட்ரெண்ட்ஸில் நாட்டை `India` என்று மாற்றிக்கொள்ளுங்கள். தேடல் வகை `Web Search` என்று இருக்கும். அதை `YouTube Search` ஆக்குங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூகுளில் தேடுபவர் படம் பார்த்துவிட்டுப் போகலாம், யூடியூபில் தேடுபவர் போடக் கற்றுக்கொள்ள வருபவர். இரண்டு கூட்டமும் ஒன்றல்ல.

உங்கள் சொல்லுக்கும் வேறு மொழியில் வேறு பொருள் இருக்கிறதா என்று அறிய ஒரே சோதனை போதும். அந்தச் சொல்லைத் தனியாகத் தட்டி, வரும் முதல் பத்துப் பரிந்துரைகளில் உங்கள் வீடியோவுக்குச் சம்பந்தமில்லாதவை எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் அந்தச் சொல் தலைப்பில் தனியாக நிற்கக் கூடாது.

அறிகுறி: நான் தேடியவையே திரும்பத் திரும்ப வருகின்றன

பரிந்துரைக்குப் பக்கத்தில் கடிகாரம் போன்ற சின்னம் இருந்தால் அது உங்கள் பழைய தேடல். ஊர் தேடியது அல்ல. பிரவுசரில் மறைநிலைச் சாளரம் திறந்து, கணக்கில் நுழையாமல், `youtube.com` போய்த் தட்டுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மறைநிலை உங்கள் வரலாற்றை மறைக்கும், ஊரை மறைக்காது. மொரீஷியஸ் இணைப்பிலிருந்து தட்டினால் மொரீஷியஸ்காரருக்குத் தரும் பரிந்துரைதான் வரும்.

அறிகுறி: தமிழில் தட்டினால் இரண்டே பரிந்துரை, அப்புறம் ஒன்றுமில்லை

இதில்தான் அதிக நேரம் போனது. குற்றம் என்னுடையது.

நான் சனிக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். எனவே பழக்க தோஷத்தில் ‘சிக்குக்கோலம்’ என்று வல்லினம் மிகுத்து, சேர்த்துத் தட்டினேன். பெட்டி ஏறக்குறைய ஊமையாகிவிட்டது. அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி ‘சிக்கு கோலம்’ என்று இடைவெளி விட்டு, ஒற்று இல்லாமல் தட்டினார். பரிந்துரைகள் இறங்கி வந்தன.

தட்டுபவர்கள் ஒற்றை விட்டுவிடுகிறார்கள். விரலுக்கு அது ஓர் எழுத்து அதிகம், இலக்கணம் தெரிந்தவர்கள்கூட அவசரத்தில் போடுவதில்லை. பரிந்துரை என்பது தட்டப்பட்டதின் தடம். இரண்டு வடிவமும் ஒன்றுதான் என்று பெட்டி புரிந்துகொள்ளும் என நம்பி இருக்காதீர்கள். தலைப்பில் தட்டுகிற வடிவத்தைப் போட்டு, கீழே விவரத்தில் சரியான வடிவத்தை எழுதி என் மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்தது எழுத்து. தமிழில் பேசுபவர்களிலேயே பெரும் பகுதியினர் ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள்: `sikku kolam in tamil`, `pulli kolam poduvathu eppadi`. அதனால் ஒவ்வொரு தேடுசொல்லையும் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை என்று இரண்டு தடவை தட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் `poduvathu`, `poduvadhu` என்று இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். எதைத் தட்டும்போது பரிந்துரை தானாக முடித்துக்கொடுக்கிறதோ அதுதான் பழக்கத்தில் இருக்கும் வடிவம்.

மூன்றாவது, ஒரே பொருளுக்கு வேறு பெயர். சிக்குக் கோலத்தை நெளி கோலம் என்பவர்கள் உண்டு, கம்பி கோலம் என்பவர்களும் உண்டு. நம் தெலுங்கு நண்பர்கள் கோலத்தையே `muggulu` என்பார்கள். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றையும் தலைப்பில் திணிக்க வேண்டாம்.

பெட்டியை இன்னும் கொஞ்சம் பேசவைக்க ஒரு தந்திரம் இருக்கிறது. `sikku kolam` என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு `a`, பிறகு அதை அழித்து `b` என்று ஒவ்வோர் எழுத்தாகப் போங்கள். `e` வந்ததும் `easy` என்று தொடங்குபவை வரும், `f` வந்ததும் `for beginners` வரும். பிறகு கர்சரை முன்னால் கொண்டுபோய் ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள். சொல்லுக்கு முன்னால் என்ன சேர்க்கிறார்கள் என்று தெரியும். புள்ளி எண்ணிக்கை அங்கேதான் வெளிவந்தது.

ஒவ்வொன்றாகத் தட்டி அலுத்துப்போனால், பிரவுசரின் முகவரிப் பட்டையில் இதை ஒட்டுங்கள்:

```
https://suggestqueries.google.com/complete/search?client=firefox&ds=yt&hl=ta&gl=in&q=sikku%20kolam
```

`ds=yt` என்றால் யூடியூப் பரிந்துரை. அதை எடுத்துவிட்டால் கூகுள் பரிந்துரை. `hl` மொழி, `gl` நாடு. `gl=in` என்பதை `gl=mu` ஆக்கினால் நம் தீவு, `gl=fr` ஆக்கினால் பிரான்ஸ். அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல் வரும், அதுதான் பரிந்துரை. தமிழ் எழுத்துக்குப் பதில் `\u0b95` என்பதுபோல் வந்தால் பயப்பட வேண்டாம், அது ‘க’ தான், குறியீடாக வந்திருக்கிறது. இந்த முகவரி பொதுமக்களுக்கென்று அறிவித்துத் தரப்பட்ட வசதி அல்ல. ஒரு நாள் வேலை செய்யாமல் போனால் யாரிடமும் முறையிட முடியாது. பெட்டியில் கையால் தட்டுவதுதான் என்றும் நிற்கும் வழி.

அறிகுறி: ட்ரெண்ட்ஸில் மொரீஷியஸ் என்று வைத்தால் வெறும் பக்கம்

‘காட்டப் போதிய தரவு இல்லை’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வரும். இது உங்கள் சொல் மோசம் என்பதன் அடையாளம் அல்ல. தீவின் மொத்த மக்களே ஏறக்குறைய 12 லட்சத்துச் சொச்சம். அதில் சிக்குக் கோலம் என்று யூடியூபில் தேடுபவர்களை ட்ரெண்ட்ஸ் கணக்கில் எடுக்கும் அளவுக்கு எண்ணிக்கை சேராது. ட்ரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண்ணும் ஆட்களின் எண்ணிக்கை அல்ல. அந்தக் காலத்தில் அந்தச் சொல் எட்டிய உச்சத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடும் அளவு. குறைவாகத் தேடப்படுவதை 0 என்றே காட்டிவிடும்.

இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், யாருக்காக இந்த வீடியோ என்று. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். ஆனால் போனில் தேடும்போது கை பிரெஞ்சுக்குப் போய்விடும். வீட்டில் கிரியோல் பேசினாலும் தட்டுவது `comment faire un kolam` என்றோ `dessin kolam` என்றோதான். ரீயூனியனில் இருக்கும் உறவுக்காரர்களும் அப்படித்தான். அவர்களுக்குத்தான் வீடியோ என்றால் பார்க்க வேண்டியது பிரெஞ்சுப் பரிந்துரை: மேலே உள்ள முகவரியில் `hl=fr&gl=fr` என்று போடுங்கள். பரிந்துரை குறைவாக வரும். அதுவே ஒரு செய்தி. தேடுபவர் குறைவு, போட்டியும் குறைவு.

அக்கா வீடியோவில் பேசுவது தமிழ். கோடு போகும் போக்கைத் தமிழில்தான் சொல்கிறார். எனவே முதன்மைத் தலைப்பு தமிழ்நாட்டுத் தேடலுக்கு, பிரெஞ்சு இரண்டாவது என்று முடிவு செய்தோம். யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வீடியோவின் மூல மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டு, பிரெஞ்சில் தலைப்பும் விவரமும் தனியாகச் சேர்க்கலாம். யூடியூபைப் பிரெஞ்சில் வைத்திருப்பவருக்குப் பிரெஞ்சுத் தலைப்பு தெரியும். ஒரே தலைப்பில் மூன்று மொழியைக் கலந்து கூட்டாஞ்சோறு ஆக்குவதைவிட இது நல்லது.

அறிகுறி: தொடர்புடைய தேடல்களில் `Breakout` என்று இருக்கிறது, அதையே பெயராக வைக்கலாமா

ட்ரெண்ட்ஸில் தொடர்புடைய தேடல்கள் இரண்டு விதமாக வரும். `Top` என்பது அந்தக் காலம் முழுவதும் அதிகம் தேடப்பட்டவை. `Rising` என்பது திடீரென்று ஏறியவை. 5000 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் எண்ணுக்குப் பதிலாக `Breakout` என்று எழுதிவிடுவார்கள். முன்பு ஏறக்குறைய யாருமே தேடாத ஒன்று கொஞ்சம் பேர் தேடினாலே இந்த முத்திரை விழும். அதைப் பெருங்கூட்டம் என்று நினைக்க வேண்டாம்.

கோலத்துக்கு இதில் இன்னொரு பொறி. தேடல் மார்கழியில் ஏறி, பொங்கலில் உச்சிக்குப் போய், தை பிறந்து சில நாளில் இறங்கிவிடும். `rangoli` என்ற சொல்லுக்குத் தீபாவளியிலும் ஒரு மேடு உண்டு. நாங்கள் பார்த்தது ஜனவரி முதல் வாரம். காலத்தைக் கடந்த 30 நாள் என்று வைத்திருந்ததால், வந்தவை எல்லாம் புத்தாண்டு எண்ணை எழுதிய கோலங்கள். பிப்ரவரியில் அந்தத் தலைப்பு செத்துவிடும்.

காலத்தைக் கடந்த 5 ஆண்டு என்று மாற்றி, `Top` பட்டியலை எடுங்கள். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் மேடு தெரிந்தால் அது பருவச் சொல். மேடு இல்லாமல் மட்டமாகப் போனால் அது எப்போதும் தேடப்படும் சொல். அக்காவின் வீடியோ எந்தப் பண்டிகையையும் சேர்ந்தது அல்ல, போடும் முறையைச் சொல்வது. எனவே தலைப்பில் பொங்கல் வேண்டாம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பொங்கல் பானை கோலத்துக்குத் தனி வீடியோ எடுத்து டிசம்பர் கடைசியிலேயே போட்டுவிடுங்கள் என்று சொன்னதும் சரியாகிவிட்டது. (டிசம்பர், ஜனவரியில் இங்கே மழை வாசலைக் கழுவிவிடும். திண்ணையில் எடுத்தால்தான் உண்டு.)

அறிகுறி: பரிந்துரை நாற்பது சேர்ந்துவிட்டது, எதை எடுப்பது

எங்கள் நோட்டில் கடைசியில் மிஞ்சியவை மூன்று: `easy sikku kolam`, `7 dots kolam`, `7 to 4 dots kolam`. ஒவ்வொன்றையும் மறைநிலைச் சாளரத்தில் தேடி, முதலில் வரும் பத்து வீடியோக்களைத் திறக்காமல் படத்தை மட்டும் பார்த்தோம். அக்காவின் வீடியோ அந்த வரிசையில் உட்கார்ந்தால் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

`easy sikku kolam` தேடினால் வந்தவை பெரும்பாலும் 3 புள்ளி, 5 புள்ளிக் கோலங்கள். 37 புள்ளிக் கோலத்தை அங்கே வைத்தால் தொடக்கக்காரர் அரை நிமிடத்தில் போய்விடுவார். பெயர் ஆளைக் கூட்டிவரும், வீடியோ விரட்டிவிடும். `7 dots kolam` தேடினால் இரண்டு வகை கலந்து வந்தது. நேர்ப்புள்ளியில் 7 தொடங்கி 1 வரை குறைவது, மொத்தம் 25 புள்ளி. அதில் பெரும்பாலும் புள்ளிகளை இணைத்துப் பூவும் விளக்கும் வரைந்து வண்ணம் போட்டிருந்தார்கள். ஊடுபுள்ளிச் சிக்கு அங்கே இரண்டுதான்.

`7 to 4 dots kolam` தேடினால் வந்தவை எல்லாம் நம் வகை. ஊடுபுள்ளியில்தான் 7 என்பது 4-இல் முடியும். நேர்ப்புள்ளியில் இரண்டிரண்டாகக் குறைவதால் 4 வரவே வராது. எனவே அந்த எண்ணைத் தட்டுபவர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துதான் தட்டுகிறார். தேடுபவர் குறைவாக இருக்கலாம், ஆனால் வந்தவர் கடைசிவரை இருந்து பார்ப்பார். அதை எடுத்தோம்.

பரிந்துரை வரும் வரிசையை வைத்து மேலே இருப்பதுதான் அதிகம் தேடப்படுவது என்று முடிவுகட்ட வேண்டாம். மொழி, ஊர், அன்றைய பரபரப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒப்பிட வேண்டுமானால் ட்ரெண்ட்ஸில் ஒரே நேரத்தில் ஐந்து சொற்கள்வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வைத்த தலைப்பு இது:

```
7 புள்ளி 4 வரை சிக்கு கோலம் | 7 to 4 dots sikku kolam
```

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துவரை இடம் தருகிறது. தமிழில் அது நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். ‘புள்ளி’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ப, உகரக்குறி, ள, புள்ளி, ள, இகரக்குறி என்று ஆறு. போனில் தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் எண்ணும் கோல வகையும் முன்னால் வர வேண்டும். ‘அழகான’ என்ற சொல்லுக்கு இடமில்லை. அக்கா அதைப் படத்தின் மேல் எழுதிக்கொண்டார்.

அறிகுறி: பெயரை மாற்றியும் தேடலிலிருந்து ஆள் வருகிறார்களா என்று தெரியவில்லை

நான்கு வாரம் விட்டுப் பிடியுங்கள். ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் `Analytics` திறந்து, பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்ற பகுதியில் `YouTube search` என்பதைத் தொடுங்கள். என்னென்ன தட்டி உங்கள் வீடியோவுக்கு வந்தார்கள் என்று சொல்லுக்குச் சொல் காட்டும். பட்டியல் காலியாக இருந்தால் இன்னும் போதிய ஆள் வரவில்லை என்று பொருள். அதற்குள் தலைப்பை மறுபடி மாற்ற வேண்டாம். தலைப்பில் இல்லாத ஒரு சொல் அங்கே மேலே நின்றால், அடுத்த வீடியோவுக்கு அதிலிருந்து தொடங்கலாம்.

அக்காவின் பட்டியலில் முதலில் நின்றது நாங்கள் வைத்த 7 to 4 தான். மூன்றாவதாக நின்ற `neli kolam 7 pulli` நாங்கள் நோட்டில் எழுதி அடித்துவிட்ட ஒன்று. நான்காவது வீடியோ 9 புள்ளி, 5 வரை. அதன் தலைப்பில் சிக்கை எடுத்துவிட்டு நெளியை வைத்திருக்கிறோம்.